அவளைக் குழுவில் சேர்த்த காலை

அந்தப் பதவிக்கு நான் விண்ணப்பித்ததற்கு ஒரே காரணம் நேரம். குழுத் தலைவருக்குக் காலை எட்டிலிருந்து மாலை ஐந்தரை வரை வேலை. மற்ற எங்களுக்கு ஏழிலிருந்து ஏழு. இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. என் மகளுக்கு மூன்று வயது. காற்றில் கொஞ்சம் புகை கலந்தாலே அவளுக்கு இழுப்பு வந்துவிடும். கணவருக்குப் பினாங்கில் வேலை. விடியுமுன் மோட்டாரை எடுத்தால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். பிள்ளை முழுநேரமும் புக்கிட் செலம்பாவில் ஓர் அக்காவின் வீட்டில் இருந்தாள். நல்ல அக்காதான். ஆனால் இழுப்பு வந்தால் மருந்துக் குழாயைப் பிள்ளையின் வாயில் வைக்க அவருக்குக் கை நடுங்கும்.

நான் வேலை செய்வது ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில். கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் பார்ப்போம். எங்கேயாவது துளி கசிந்தால் அது ஓட்டை. ஒரு தொகுதியிலிருந்து நூற்று இருபத்தைந்து கையுறை எடுத்தால் ஐந்து வரை ஒழுகலாம். ஆறாவது ஒழுகினால் அந்தத் தொகுதி முழுவதும் நிற்க வேண்டும். சிவப்பு மையில் 'நிறுத்து' என்று மலாயில் அடிக்கும் ஒரு முத்திரை இருக்கிறது. அதை அடிக்கும் உரிமை குழுத் தலைவருக்கு மட்டும்.

பழைய தலைவர் வேலையை விட்டுப் போனபின் நான்கு மாதம் அந்த முத்திரை என் மேசை இழுப்பறையில் இருந்தது. தற்காலிகம்தான், ஆனாலும் நான்கு மாதம் மகளை ஆறு மணிக்கு மேல் காக்கவைக்காமல் கூட்டிவந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "அம்மா இன்னிக்கும் வெளிச்சத்துல வந்துட்டா" என்று கத்துவாள். அந்தச் சொல் பழகிவிட்டது. பழகவிட்டிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

அறிவிப்புப் பலகையில் பதவிக்கான தாள் ஒட்டப்பட்டபோது, எங்கள் பிரிவிலிருந்து இரண்டு பேர் படிவம் கொடுத்தோம். ஒன்று நான். இன்னொருத்தி பக்கத்து அறையில் கோப்புகளையும் தணிக்கையையும் பார்த்துக்கொண்டிருந்தவள். பாடாங் மேஹா பக்கம் வீடு. என்னைவிட மூன்று வயது இளையவள். இரண்டு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார்ந்து, தன் டப்பாவிலிருந்து சம்பால் எடுத்து என் சோற்றில் வைத்துவிட்டு, "அக்கா, காரம் பத்தலன்னா சொல்லுங்க, நாளைக்கு அழ வைக்கிறேன்" என்பவள். படிவம் கொடுத்த பிறகும் சம்பால் வந்தது. ஆனால் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நேர்காணலில் மேலாளர் என்னைக் கேட்ட கடைசிக் கேள்வி, "கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?" மேலாளர் சீனப் பெண்மணி, நாங்கள் மேடம் என்போம். "யார் வந்தாலும் ஒத்துழைப்பேன்" என்றேன். எல்லாரும் சொல்வதுதான். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அறிவிப்பு வெளியாகும் முன்பே, மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த மரியாதையை அவர் எனக்குச் செய்தார் என்பதை மறக்கக் கூடாது. பதவி அவளுக்கு என்றார். காரணத்தையும் மறைக்கவில்லை. வாங்கும் நிறுவனங்களின் தணிக்கை இப்போது கடுமையாகிவிட்டது. ஆவணம் தெரிந்தவர் வேண்டும். அப்புறம் குரலைத் தாழ்த்தி, என் பொறுப்பில் இருந்த நான்கு மாதத்தில் புகார்க் கோப்புகள் இரண்டு தாமதமாக முடிந்தன என்றார். இரண்டும் மகளுக்கு இழுப்பு வந்து நான் விடுப்பு எடுத்த வாரங்கள். அதை நான் சொல்லவில்லை. சொன்னால் அது இன்னும் பெரிய காரணமாகிவிடும் என்று பயம்.

"திங்கட்கிழமை அவளை நீங்கள்தான் வரவேற்க வேண்டும்" என்றார் மேடம். "குழுவில் எல்லாரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் எப்படி நடக்கிறீர்களோ அப்படித்தான் அவர்களும்."

சரி என்றேன். கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுகை வரவில்லை. ஐந்தரை, ஐந்தரை என்று மட்டும் மனதில் ஓடியது.

*

எங்கள் சோதனைக் குழுவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பொறுப்பில் இருந்ததால் அதை நடத்துபவர் நான்தான். புதியவரை உள்ளே சேர்ப்பதும் என் வேலை. பக்கத்து அறைக்காரியான அவள் அதில் இல்லை.

சனிக்கிழமை பலகையில் பெயர் வந்தது. உடனே குழுவில் ஆறுதல் வரத் தொடங்கியது. முதலில் காக். அவர் எங்கள் மேசையில் மூத்தவர், மலாய்க்காரப் பெண்மணி. காக் என்றால் மலாயில் அக்கா. அவருக்கு எல்லாரும் காக்தான். "உனக்குத்தான் வந்திருக்கணும். அவளுக்குத் தண்ணி ஊத்தத் தெரியுமா? கோப்பு அடுக்கத்தான் தெரியும்" என்று மலாயில் எழுதினார். அழும் முகங்கள், கட்டிப்பிடிக்கும் படங்கள். நான் அதைத் தடுக்கவில்லை. "பரவாயில்லை காக்" என்று மட்டும் போட்டேன். உள்ளுக்குள் அது இதமாக இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் இதை எழுதுவதில் பயனில்லை. "அவள் தணிக்கையை நன்றாகப் பார்ப்பவள், நமக்கு அது வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அப்போதே எல்லாம் அடங்கியிருக்கும்.

ஞாயிறு முழுவதும் வரவேற்புச் செய்தி எழுதிப் பார்த்தேன். குழுவில் மலாய், தமிழ், நேப்பாளி பேசுபவர்கள் எல்லாம் இருப்பதால் மலாயில்தான் எழுத வேண்டும். முதலில், "நான்கு மாதம் நான் பார்த்துக்கொண்ட குழுவை இன்று அவரிடம் ஒப்படைக்கிறேன்" என்று எழுதினேன். படித்தால் என்னைப் பற்றிய செய்தியாக இருந்தது. அழித்தேன். "நாங்கள் இருவரும் விண்ணப்பித்தோம், இருந்தாலும்" என்று ஆரம்பித்தேன். அந்த 'இருந்தாலும்' பொறாமையாகத் தெரிந்தது. அதுவும் போயிற்று. நிறையப் புகழ்ந்து ஒன்று எழுதினேன். நானே நம்பாததை யார் நம்புவார்கள்? கணவர் கோழிக்கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"இன்னுமா எழுதுற? செலாமாட் டத்தாங்னு ரெண்டு வார்த்த போட்டு அனுப்பு லா."

"வெறும் நல்வரவுன்னு ரெண்டு வார்த்த போட்டா முறைப்பா இருக்கும்ங்க."

"மூணு போடு."

அவருக்குச் சிரிப்பு. எனக்கு வரவில்லை. அவளை அன்றே குழுவில் சேர்த்திருக்கலாம். ஆனால் செய்தி சரியாக அமையாமல் சேர்க்க மனம் வரவில்லை.

திங்கட்கிழமை விடிகாலை மகளுக்கு இழுப்பு. மருந்து கொடுத்து, முதுகைத் தட்டி, மூச்சு அடங்கியதும் கைப்பேசியை எடுத்தேன். ஆறு இருபது. அவள் எட்டுக்கு வந்து நிற்கும்போது குழுவில்கூட இல்லையென்றால் எப்படி இருக்கும்? அவசரமாக அவளைச் சேர்த்தேன். முதலில் சேர்ப்போம், செய்தியை உடனே அனுப்புவோம் என்றுதான். தட்டச்சு செய்யத் தொடங்கும்போது மகள் பாயில் வாந்தி எடுத்தாள். கைப்பேசியை அப்படியே போட்டுவிட்டு அவளைக் குளியலறைக்குத் தூக்கிப் போனேன்.

திரும்பி வந்து திரையைப் பார்த்தபோது ஆறு முப்பத்தொன்று. காக் எழுதியிருந்தார். அவர் எழுந்ததும் முதலில் குழுவைப் பார்ப்பவர்; மேலே யாரைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பார்ப்பவரல்ல.

"இன்னிக்கு மகாராணி வர்றா. நம்ம நிஜத் தலைவி நீதான், மறந்துடாதே. ஏழு மணிக்கு நாம பழையபடி."

பக்கத்தில் ஒரு கிரீடம்.

அவள் பெயரை அழுத்திப் பார்த்தேன். ஆன்லைனில் இருந்தாள்.

உடனே காக்குக்குப் போன் செய்தேன். "காக், அவ உள்ள இருக்கா!" என்றதும் மறுமுனையில் ஒரு பாத்திரம் விழும் சத்தம். செய்தி அழிந்தது. 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்ற வரி மட்டும் நின்றது. அதன்கீழ் நான் என் வரவேற்பைப் போட்டேன். இரண்டு நாள் யோசித்தது எதுவும் இல்லை. கணவர் சொன்ன இரண்டு வார்த்தையும் கூட ஒரு வரியும். அழிக்கப்பட்டதன்கீழ் வந்ததால் அது கறையைத் துடைக்க வந்த துணிபோல இருந்தது.

அவள் ஒரு நன்றி போட்டாள். வேறு யாரும் எதுவும் எழுதவில்லை.

*

எட்டு மணிக்கு அவள் வந்தாள். வெள்ளை மேலங்கி புதிது, மடிப்பு அப்படியே இருந்தது. நான் எழுந்து போய், முத்திரையையும் சாவியையும் அவள் கையில் வைத்தேன். திறந்திருக்கும் புகார்க் கோப்புகள் மூன்று, எந்தத் தொகுதி எங்கே நிற்கிறது, யாருடைய பயிற்சிச் சான்று காலாவதியாகப் போகிறது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். நான் தாமதித்த இரண்டு கோப்புகளையும் மறைக்காமல் எழுதியிருந்தேன். அதையும் கொடுத்தேன். எங்கள் மேசையில் ஒன்பது பேரும் தண்ணீரைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தார்கள்.

"காலைல நடந்தது..." என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"வேலைய பாப்போம்கா" என்றாள். கோபமாக இல்லை. பாடம் படித்துவிட்டு வந்ததுபோல இருந்தது. பின்னால் திரும்பி எல்லாருக்கும் மலாயில் வணக்கம் சொன்னாள். பதில் முணுமுணுப்பாக வந்தது. காக் கையுறையில் தண்ணீர் ஊற்றுவதிலிருந்து தலை நிமிரவில்லை.

நான் என் பழைய இடத்தில் நின்று தண்ணீர் ஊற்றினேன். பத்து மணிவாக்கில் ஒரு தொகுதியில் ஆறாவது ஒழுகியது. மணிக்கட்டு மடங்கும் இடத்தில், உள்ளங்கைப் பக்கம், ஊசி முனையளவு. பேனாவால் வட்டமிட்டுத் தனியே வைத்தேன். இங்கே ஒரு விதி இருக்கிறது. கையுறையின் வாய்ப்பகுதியிலிருந்து நாற்பது மில்லிமீட்டருக்குள் ஒழுகினால் அது கணக்கில் வராது. தண்ணீர் ஊற்றக் கையுறையை மாட்டும் குழாய் உரசியும் அங்கே கசியலாம் என்பதால். இந்த ஆறாவது அந்த எல்லைக்கு மிக அருகில் இருந்தது. அளந்தேன். ஐம்பத்திரண்டு. கணக்கில் வரும். தாளில் எழுதி அவள் மேசையில் வைத்தேன். அவள் முத்திரையை எடுத்து, சற்று நேரம் பார்த்துவிட்டு அடித்தாள்.

அரை மணியில் உற்பத்திப் பிரிவு மேற்பார்வையாளர் வந்தார். தமிழர்தான், நாங்கள் அண்ணன் என்போம். குரல் எப்போதும் இயந்திரச் சத்தத்துக்கு மேல். தொகுதி நின்றால் அவருக்கு அன்றைய இலக்கு போகும். நான்கு மாதமாக அவர் இந்த அறைக்குள் வந்தால் நேராக என்னிடம்தான் வருவார். அன்றும் நேராக என்னிடம் வந்தார்.

"என்னம்மா இது? காலையிலேயே செவப்பு அடிச்சிருக்கு! ஆறாவது ஓட்டை கைவாய் பக்கமாம். அது கணக்கே இல்லியே. நீ ஒரு கையெழுத்து போடு, நான் திரும்ப மாதிரி எடுத்து அனுப்பறேன்."

கை பேனாவைத் தொட்டுவிட்டது. நான்கு மாதப் பழக்கம். எடுக்கவில்லை.

"அண்ணே, இனி கையெழுத்து அவங்களோடது. அவங்ககிட்ட கேளுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் மேசையிலிருந்து எழுந்திருந்தாள்.

"ஓ, புது போஸா? சரிம்மா போஸ், உனக்கு இந்தத் தண்ணி டெஸ்ட் எல்லாம் தெரியுமா? கோப்புல ஓட்டை இருந்தா கண்டுபிடிப்பே. கையுறைல?"

காக் சிரித்துவிட்டு உடனே இருமினார். யாரோ கையிலிருந்த கையுறையைத் தவறவிட்டார்கள். தண்ணீர் தரையில் கொட்டியது.

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். காலையில் செய்தி, இப்போது இது. என்னைப் புலி முன்னால் தள்ளிவிட்டு நிற்கிறாயா என்று கேட்ட மாதிரி இருந்தது. நான் பேசினால் அவள் இருக்கும்போதே நான் நடத்துகிறேன் என்றாகும். பேசாவிட்டால் அவளைத் தனியே விட்டேன் என்றாகும். எனக்குள் வழக்கமான சிக்கல் தொடங்கிவிட்டது. எவ்வளவு நேரம் நின்றேனோ, பத்து வினாடி இருக்கும். அந்த அறையில் அது நீண்ட நேரம்.

பிறகு வட்டமிட்ட கையுறையையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். ஐம்பத்திரண்டு என்று நான் சொல்லவில்லை. தாளில் இருந்ததை அவள் படித்திருப்பாள். இரண்டையும் அவள் கையில் கொடுத்தேன்.

"இதுதான் அந்த ஆறாவது. நீங்களே அளந்துடுங்க" என்றேன். அப்போதுதான் நேரில் முதல்முறையாக அவளை 'நீங்க' என்றேன்.

அவள் கையுறையை மேசையில் சுருக்கமில்லாமல் நீட்டிவைத்தாள். கோலின் நுனியை வாயின் மடிப்பில் வைத்தாள், மடிப்புக்கு வெளியே அல்ல, சரியான இடத்தில்.

"ஐம்பத்திரண்டு" என்றாள். "நீங்களும் பாருங்கண்ணே."

அண்ணன் குனிந்து பார்த்தார். "கொஞ்சம் இழுத்து வெச்சிருக்கியே."

"சரி, நீங்க வைங்க."

அவர் வைத்தார். ஐம்பது. எப்படி வைத்தாலும் நாற்பதுக்கு மேல்தான். அவள் குரலை உயர்த்தவில்லை. "காரணம் என்னன்னு எழுதித் தாங்க. கை அச்சு அழுக்கா, ரப்பர் பால் கலவையான்னு. காரணம் இல்லாம மறுபடி மாதிரி எடுக்க முடியாதுண்ணே. தணிக்கையில முதல்ல இதத்தான் கேப்பாங்க."

"சுசா லா, கஷ்டம்தான் ஒங்களோட" என்று முனகிக்கொண்டே அவர் போனார். கதவருகில் என்னைப் பார்த்து, "நீயே இருந்திருந்தா ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும்" என்றார்.

எல்லார் காதிலும் விழும்படி, "இல்லண்ணே, நானும் நிறுத்தித்தான் இருப்பேன்" என்றேன். அது உண்மை. சனிக்கிழமை எழுதாமல் விட்ட வரிக்குப் பதிலாக அப்போதாவது இதைச் சொன்னேன்.

அவள் உட்கார்ந்து கோப்பில் எழுதத் தொடங்கினாள். எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. மதியம் காக் தானாகவே போய் அவளிடம் ஏதோ கேட்டார், மன்னிப்பல்ல, கையிருப்பைப் பற்றி. அன்றிலிருந்து குழு அவளிடம் போகத் தொடங்கியது. சாப்பாட்டு நேரத்தில் அவள் மேலாளர் அறைக்குப் போய்விட்டாள். சம்பால் வரவில்லை.

*

புதன்கிழமை மாலை அவள் புறப்படும் நேரம், மோட்டார் நிறுத்துமிடத்தில் அவளைப் பிடித்தேன். எனக்குப் பதினைந்து நிமிட இடைவேளை. மழை இரைந்துகொண்டிருந்தது. தகரக் கூரையின்கீழ் நின்றோம்.

நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று ஒத்திகை பார்த்திருந்தேன். "நானும் அந்தப் பதவிய கேட்டேன். கெடைக்கலன்னு வருத்தம் இருக்கு, இல்லன்னு சொன்னா பொய். ஆனா திங்கக்கிழமை ஒங்கள அப்படி மாட்டிவிடணும்னு நெனைக்கல. பிள்ளை வாந்தி எடுத்தா. அதுக்குள்ள காக் எழுதிட்டாங்க."

அவள் தலைக்கவசத்தின் வாரை முறுக்கிக்கொண்டே கேட்டாள். "நான் உள்ள வர்றதுக்கு முன்னாடி, சனிக்கிழமை என்னென்ன எழுதியிருந்தாங்க?"

நான் எதிர்பார்க்கவில்லை. "இதே மாதிரிதான்."

"நீங்க என்ன எழுதினீங்க?"

"பரவாயில்லைன்னு."

தலையை ஆட்டினாள். பொய் சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தேன். இப்போதும் சில நாள் அப்படி நினைக்கிறேன்.

"கையுறைய கொண்டுவந்து என் கைல குடுத்தீங்களே. அதுக்காகத்தான் உங்கள நம்பணும்னு பாக்கிறேன்" என்றாள். "ஆனா அன்னிக்குக் காலைல அந்தச் செய்திய எங்கம்மாவும் பக்கத்துல இருந்து படிச்சாங்க. சாப்பிடாமலே கெளம்பினேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவள் "ம்ம்" என்றாள்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த மாத வேலைப்பட்டியல் வெள்ளிக்கிழமை வரும் என்று எனக்குத் தெரியும். அதை இனி எழுதுபவள் அவள். எங்கள் பிரிவில் ஓர் இடம் பகலிலேயே நிற்பது. ஊற்றும் தண்ணீரின் அளவையும் தராசையும் அளவுகோல்களையும் சரிபார்த்துப் பதிவு செய்யும் மேசை. எட்டிலிருந்து ஐந்தரை. பார்த்துக்கொண்டிருந்த பெண் பிரசவத்துக்குப் போகிறாள். அந்த இடத்துக்கு யார் என்பதை முடிவு செய்வது தலைவரின் உரிமை.

"ஒன்னு கேக்கலாமா" என்றேன். கேட்டேன். பிள்ளையின் இழுப்பையும் சொன்னேன், மேடத்திடம் சொல்லாததை.

அவள் மழையைப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை மேடம் எனக்கு வேலை கெடைச்சிருக்குன்னு சொன்னதுமே ஒரு லிஸ்ட் எழுதினேன்கா. அந்த மேசைக்கு உங்க பேரத்தான் போட்டிருந்தேன். பிள்ளைக்கு ஒடம்பு முடியலன்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு வருஷம் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருக்கேன்."

நனைந்துகொண்டிருந்த காலைக் கூரைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"இப்போ போட்டா என்ன சொல்வாங்க? வாயடைக்க இடம் குடுத்துட்டேன்னு. காக் செய்திக்குப் பயந்துட்டேன்னு. அண்ணன் நாளைக்கே வந்து சிரிப்பாரு. உங்களுக்கும் நல்லதில்ல, கையுறைய எடுத்துக் குடுத்தது இதுக்காகத்தான்னு பேசுவாங்க. என்னால முடியலக்கா. கொஞ்ச மாசம் போகட்டும்."

அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. தப்பாக ஏதாவது சொல்லியிருந்தால் கோபப்பட்டாவது இருக்கலாம்.

"சரிங்க" என்றேன்.

மழை விடவில்லை. அவள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். பின் விளக்கு வளைவு திரும்பும் வரை நின்றேன். இடைவேளை முடிந்து மூன்று நிமிடம் தாமதமாக உள்ளே போனேன்.

வெள்ளிக்கிழமை பட்டியலைப் பலகையில் மாட்டும்போது அவள் கையில் கோப்புகள் இருந்தன. குத்தூசியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பகல் மேசைக்கு முதுகுவலியோடு கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த வேறொரு பெண். என் பெயர் முறைப்படி வர வேண்டிய இடத்தில், இரவில், இரண்டு வாரம்.

காக் பக்கத்தில் வந்து பட்டியலைப் படித்தார். "கேட்டியா?" என்றார் மெதுவாக.

"கேட்டேன்."

"குடுக்கலியா? பாத்தியா, நான் சொன்னேன்..."

"காக், வேணாம்" என்றேன். "அவங்க சரியாத்தான் செஞ்சிருக்காங்க."

காக் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். இது தன் செய்தியால் வந்தது என்று அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சனிக்கிழமை நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தால், திங்கட்கிழமை அவர் அதை எழுதியிருக்கவே மாட்டார்.

அன்று மாலை புக்கிட் செலம்பாவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் இரவு முறையைப் பற்றிச் சொன்னேன். ஏழரை மணி தாண்டிவிட்டது; வாசல் விளக்கு போட்டிருந்தார். மருந்துக் குழாயை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று மறுபடி காட்டினேன். அவர் என் மகளின் கன்னத்தில் வைத்துப் பழகிப் பார்த்தார். கை கொஞ்சம் நடுங்கியது.

"அம்மா இருட்டுல வந்துட்டா" என்றாள் மகள்.

புதுத் தலைவி இப்போதும் என்னை மற்றவர்கள் முன்னால் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். தனியாக இருக்கும்போது எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாட்ஸ்அப் குழுவை நடத்தும் உரிமையை அவளுக்குக் கொடுத்துவிட்டு, நடத்துபவர் என்பதிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். சில சமயம் திரையை மேலே தள்ளி அந்தத் திங்கட்கிழமைக்குப் போவேன். நான் அவளைச் சேர்த்தது. அதன்கீழ் அழிக்கப்பட்ட செய்தி. அதன்கீழ் என் வரவேற்பு. செலாமாட் டத்தாங், எங்கள் குழுவுக்கு நீங்கள் வந்ததில் மகிழ்ச்சி. படித்துப் பார்த்தால் அதில் குறை எதுவும் இல்லை.